பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் மனை: அலையாத்தி இருந்தால் கடல் உள்ளே வராதா?

பாரூர்க்காரன்:
என் தங்கையைக் கடலூர் மாவட்டம் கிள்ளைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மீன் வியாபாரம். இப்போது ஓடைக்குப் பக்கத்தில் 5 சென்ட் மனை ஒன்று பேசி வைத்திருக்கிறார்கள், வீடு கட்டப்போகிறார்கள். நானும் கொஞ்சம் பணம் போடுகிறேன். மனை விற்பவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "முன்னாடி பிச்சாவரம் காடு நிக்குது. சுனாமிக்கே தண்ணி வரல, தானே புயலுக்கும் வரல. இனி எது வரும்?"

நாம் கிருஷ்ணகிரிக்காரர்கள். கடல் மட்டத்துக்கு ஆயிரம் அடிக்கு மேலே இருந்து பழகியவர்கள். ஏரி உடைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும், கடல் ஏறினால் என்ன ஆகும் என்று தெரியாது. கடல் மட்டம் வேறு உயர்ந்துகொண்டே போகிறது என்கிறார்கள். காடு இருந்தால் போதும் என்பது எவ்வளவு தூரம் உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர் வாத்தியார்:
தாராளமாக வாங்கச் சொல்லுங்கள். 2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் தப்பித்தன. இது ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம், ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வந்திருக்கிறது. அலையாத்திக் காடு கடலுக்குச் சுவர் மாதிரி. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வரிசையாக இதை நட்டுவிட்டால் புயல், அரிப்பு, கடல் உயர்வு எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு. அரசாங்கம் ஏன் செய்யாமல் இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஓசூர் மெக்கானிக்:
அலையாத்திக் கன்று எங்கே கிடைக்கும் சார்? எங்கள் ஏரிக்கரை வருஷா வருஷம் கரைந்துகொண்டே போகிறது. ரெண்டு வரிசை நட்டால் மண் பிடிக்கும்தானே?

கழிமுகம்:
மெக்கானிக் தம்பி, அது கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்றுக்கான மரம். ஏரிக்கரைக்கு வெட்டிவேர், நாணல், பனை போதும். அதற்குத் தனியாக ஒரு இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

பாரூர்க்காரர் கேட்டதற்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் தருமபுரிதான். ஆனால் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கண்டல் காட்டை, அதாவது இந்த அலையாத்திக் காட்டை, திரும்ப வளர்க்கிற பணியில் போனது. வாத்தியார் ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி வீடு கட்டினால் தங்கை குடும்பம் கஷ்டப்படும்.

புயல் வரும்போது கடலிலிருந்து வருவது இரண்டு வேறு வேறு சமாச்சாரம். ஒன்று அலை. அடுத்தடுத்து வந்து மோதும், சுவரைப் பெயர்க்கும், அஸ்திவாரத்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். இன்னொன்று புயல் எழுச்சி. காற்று மணிக்கணக்கில் கடல் தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளித் தள்ளி, கடலின் மட்டமே உயர்ந்து உள்ளே வருவது. அது மோதாது, ஏறும். ஏறின மட்டத்துக்கு மேல் அலையும் சேர்ந்து வரும்.

காடு முதலாவதை நன்றாக அடக்கும். 100 மீட்டர் காட்டைத் தாண்டுவதற்குள் அலையின் உயரம் 13 முதல் 66 சதவீதம் வரை குறைகிறது என்று பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். சுரபுன்னையின் முட்டுவேர், வெண்கண்டலின் மூச்சுவேர், தாழக் கவிந்த கிளை எல்லாம் சேர்ந்து அலையின் வேகத்தைத் தின்றுவிடும்.

ஆனால் இரண்டாவதை, அதாவது ஏறி வருகிற தண்ணீரை, காடு கொஞ்சம்தான் குறைக்கும். ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டுக்கு 5 செ.மீ.யிலிருந்து 50 செ.மீ. வரைதான் மட்டம் இறங்கும். காடு அடர்த்தியாக இருந்து, புயலும் சீக்கிரம் கடந்துபோனால் 50 பக்கம் வரும். புயல் மெதுவாக நகர்ந்து, தண்ணீருக்கு நேரம் கிடைத்துவிட்டால் 5 பக்கம். பிச்சாவரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. படகில் போனவர்களுக்குத் தெரியும், காட்டுக்குள் ஓடைகள் வலை மாதிரி ஓடும். மரம் தடுக்கிற தண்ணீர் ஓடை வழியாக வந்துவிடும். மனை ஓடைக்குப் பக்கத்தில் என்று சொல்கிறீர்கள், அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பாரூர்க்காரன்:
நன்றி ஐயா. அப்படியானால் தானே புயலில் தண்ணீர் வரவில்லை என்பது? மாப்பிள்ளையின் அப்பாவும் அதையே சொல்கிறார். ஓட்டுவீடு பறந்தது, முந்திரி மரமெல்லாம் சாய்ந்தது, ஆனால் கடல் தண்ணீர் தெருவுக்கு வரவில்லை என்கிறார். அவர் பொய் சொல்ல மாட்டார்.

கழிமுகம்:
அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் காடு இல்லை, புயல் கரையைக் கடந்த இடம்.

நம் பக்கத்தில் புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். புயல் கிழக்கிலிருந்து மேற்கே வந்து கரையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புயலின் நடுவான கண்ணுக்கு வடக்கே இருக்கிற ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். கண்ணுக்குத் தெற்கே இருக்கிற ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், தண்ணீரை வெளியே இழுக்கும். ஒரே புயலில் வடக்கே கடல் ஏறும், தெற்கே கடல் உள்வாங்கும்.

தானே 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கடந்தது. கிள்ளை அதற்குத் தெற்கே. 2020 நிவர் புதுச்சேரிப் பக்கம், 2024 ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம். மூன்றுக்குமே கிள்ளை தெற்கே இருந்தது. 2018 கஜா தெற்கே கடந்ததுதான், ஆனால் வேதாரண்யம் பக்கம், கிள்ளையிலிருந்து வெகு தூரம். ஆக, இந்த நாலு புயல்களில் எதுவும் அந்த ஊரைச் சரியாகச் சோதித்துப் பார்க்கவே இல்லை. ஒரு பெரிய புயல் சீர்காழி, பூம்புகார் பக்கம் கடந்தால்தான் கிள்ளைக்குச் சோதனை. அதனால் "தானேக்கே வரல" என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

ஊத்தங்கரை செல்வி:
கடல் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புதுச்சேரியில் கடந்தது. கடலை விட்டு இத்தனை தூரத்தில் இருக்கிற எங்களுக்கு என்ன என்று வீட்டைப் பூட்டிப் படுத்தோம். ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நின்ற வேன், கார் எல்லாம் அடித்துக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் எங்கள் கடையில் இடுப்பு வரைக்கும் சேறு. ஷட்டரைத் தூக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. உள்ளே அரிசி மூட்டை எல்லாம் ஊறி வெடித்துக் கிடந்தது.

அந்தத் தண்ணீர் பாம்பாற்றில் போய், தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்குப் போனது. அங்கே நடுராத்திரியில் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் என்று கடைசி வரைக்கும் வெள்ளம். இந்த மாதிரி பின்னாலிருந்து வருகிற தண்ணீருக்கு அந்தக் காடு என்ன செய்யும்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் அண்ணா.

கழிமுகம்:
செல்வி அம்மா கேட்டது சரியான கேள்வி. கடற்கரை ஊர்களில் பாதி நேரம் வீட்டுக்குள் வருவது இந்தத் தண்ணீர்தான்.

பிச்சாவரம் தென்பெண்ணையில் இல்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வயல்களின் வடிகால் தண்ணீர் கான்சாகிப் வாய்க்கால் வழியாகக் காட்டுக்குள் வந்து கடலுக்குப் போகும். சாதாரண நாளில் இது நல்லது, நன்னீர் கிடைப்பதால்தான் காடே உயிரோடு இருக்கிறது. ஆனால் புயல் நாளில் கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால் வெள்ளம் வெளியேற வழி இருக்காது. முகத்துவாரத்திலேயே தடைபட்டுப் பின்னால் தேங்கும். இதில் காட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, உதவும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

கடல் மட்ட உயர்வு முதலில் கைவைப்பதும் இந்த இடத்தில்தான். உலக சராசரியாக 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் தரையின் சரிவே கிலோமீட்டருக்குச் சில அடிதான் என்கிற ஊரில், ஒரு சாண் கூடினாலும் வடிகால் வடிகிற நேரம் குறைந்துவிடும். முன்பு மழை விட்ட மறுநாள் வடிந்த தெரு இப்போது எத்தனை நாள் தேங்கி நிற்கிறது என்று அங்கே பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தப் படத்தையும் விட அது தெளிவாகச் சொல்லும்.

அரூர் வாத்தியார்:
ஐயா, எல்லாம் சரி. ஆனால் சுனாமி விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. காடு தடுக்கவில்லை என்று சொல்கிறீர்களா? அதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்களே.

கழிமுகம்:
தடுக்கவில்லை என்று சொல்லவில்லை வாத்தியார் ஐயா. காடு எவ்வளவு, வேறு காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்கிறேன்.

பிச்சாவரத்துக்கு முன்னால், கடலை ஒட்டி மணல் திட்டு இருக்கிறது. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் என்று குப்பங்கள் அந்தத் திட்டின் மேலேயே இருந்தன. அவை காட்டுக்கு முன்னால் இருந்தவை, அங்கேதான் உயிர்ச்சேதம் அதிகம். மிஞ்சியவர்களை உள்ளே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. 2005-இல் இந்தக் கரையில் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, காடு காப்பாற்றியது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீங்கள் சொல்கிற கட்டுரை அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்து, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமுமே பெரும்பகுதி வித்தியாசத்தை விளக்கிவிடுகின்றன, காட்டுக்கு என்று தனியாக மிஞ்சுவது சொற்பம் என்றார்கள்.

காடு சேற்றில், கழியின் உட்புறம் வளரும். அதற்கும் பின்னால் இருக்கிற ஊர் தானாகவே கடலை விட்டுத் தள்ளி இருக்கும். அதனால் காப்பாற்றியது காடா, தூரமா என்று பிரிப்பது கஷ்டம். நான் அந்த ஊர்களில் பழகியவன். மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தவர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். காட்டுக்கு ஒரு பங்கு இருந்தது என்றே நம்புகிறேன். ஆனால் அதைச் சுவர் என்று சொல்லி மனை விற்பதை ஏற்க முடியவில்லை.

அரூர் வாத்தியார்:
நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கத் தயாராக இல்லை. உயிர் தப்பியவர்கள் சொல்வதை விடப் பெரிய ஆதாரம் எது? சரி, அதை விடுங்கள். கரை முழுக்க நட வேண்டும் என்று சொன்னதற்கு என்ன பதில்?

புதுவையில் படித்தவள்:
நான் பாப்பிரெட்டிப்பட்டி. புதுச்சேரியில் சில வருடம் இருந்ததால் இதற்கு நான் பதில் சொல்கிறேன் சார். அந்தக் கரையில் அலையாத்தி நிற்காது. திறந்த மணல் கரை, நாள் முழுக்க அலை உடைகிற இடம். கன்று வேர் பிடிப்பதற்குள் புரட்டிப் போட்டுவிடும்.

அங்கே அரிப்புக்குக் காரணமும் வேறு. நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி நாள் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திரும்பும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் அதன் தெற்கே சேர்ந்துவிட்டது, வடக்கே நகரத்துக்கு முன்னால் இருந்த கடற்கரை போய்விட்டது. பாறாங்கல் கொட்டினார்கள். கொட்டின இடம் நின்றது, அரிப்பு இன்னும் வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு நகர்ந்தது. 2018 வாக்கில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கு அடியில் ஒரு தடுப்பை இறக்கின பிறகுதான் நகரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் திரும்பியது. பொம்மையார்பாளையம் பக்கத்தில் பாதி வீடு கடலில் தொங்குகிற மாதிரி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தரை ஓடு அப்படியே, அடியில் மண் இல்லை. அந்த வீட்டுக்கு எந்த மரமும் உதவியிருக்காது.

நாகமரை விவசாயி:
எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரத்துக்காரர்கள். அணை மட்டம் இறங்கும்போது வெளியே தெரிகிற நிலத்தில் கம்பு, எள், பயறு என்று விதைப்போம். உரமே வேண்டாம், அவ்வளவு வண்டல். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தால் ஏடு ஏடாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு ஏடு என்று என் தாத்தா சொல்வார். ஒகேனக்கல் தாண்டி வருகிற அத்தனை வண்டலும் 1934-லிருந்து இங்கேதான் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இந்த மண் போயிருக்க வேண்டிய இடம் கொள்ளிடம் முகத்துவாரம்தானே? அங்கே மண் வராவிட்டால் அந்தக் காட்டுக்கு என்ன ஆகும்?

கழிமுகம்:
நாகமரை அண்ணன் நேராக விஷயத்துக்கே வந்துவிட்டார்.

கண்டல் காடு கடல் மட்டத்தோடு சேர்ந்து தானும் உயரக் கூடியது. வேருக்கு நடுவில் வண்டல் படியும், வேரும் இலையும் மக்கிச் சேரும், தரை வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் ஏறும். கடல் ஏறுகிற வேகமும் அதே அளவு இருந்தால் காடு தாக்குப்பிடிக்கும். பழைய காலத்து மண் அடுக்குகளை ஆராய்ந்தவர்கள், கடல் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் கண்டலால் ஈடுகொடுக்க முடியாது என்று கண்டிருக்கிறார்கள். இன்னும் அந்த எல்லைக்கு வரவில்லை, ஆனால் வேகம் கூடிக்கொண்டே போகிறது. வண்டல் வரத்து குறைந்த காடு அந்த எல்லைக்கு முன்பே திணறும். மேட்டூரில் தங்கிய மண் அளவுக்கு அங்கே குறைவுதான். அதோடு ஆற்றிலிருந்து அள்ளின மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு முன்னால் நிற்கிற திட்டுக்கு அந்த மணல்தான் தீனி.

தப்பிக்க இன்னொரு வழி, காடு மெல்லப் பின்வாங்கி நிலப்பக்கம் நகர்வது. பின்னால் இறால் குட்டையின் கரையோ, உயர்த்திப் போட்ட ரோடோ இருந்தால் நகர இடம் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு மெலிந்துபோகும்.

ஆனால் பிச்சாவரத்துக்கு வந்த பெரிய கேடு கடலால் வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நடந்தது. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகிக் கீழே அமிழ்ந்தது. தரை தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே கடலின் ஏற்ற இறக்கமே குறைவு. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கடலை விடப் பல மடங்கு உப்பு. எந்த விதையும் முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்ந்ததால் காடு அழிந்தது, விறகு வெட்டியதால் அழிந்தது என்று ஊர்க்காரர்கள் மேலேயே வெகுநாள் பழி இருந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து செய்த காரியம் மிக எளிமையானது. இயற்கை ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் மீன் முள் மாதிரி சின்ன வாய்க்கால்கள். மேலே அகலம், கீழே குறுகல், அப்போதுதான் கரை சரியாது. தண்ணீர் ஏறி இறங்க ஆரம்பித்ததும் உப்பு கழுவிக்கொண்டு போகும். அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் வெண்கண்டல் விதையை ஊன்றுவோம். பிடித்துக்கொண்டால் மளமளவென்று வளரும். எந்தச் சுவரும் இல்லாமல், தண்ணீர் போக வர வழி செய்து கொடுத்ததால் மட்டுமே திரும்பி வந்த காடு அது. முத்துப்பேட்டையிலும் அதே முறைதான்.

ஆனால் அந்த வாய்க்காலில் வண்டல் அடைத்துக்கொண்டே இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை தூர்வார வேண்டும். தூர்வாராத வாய்க்காலுக்குப் பின்னால் காடு மறுபடி பழைய நிலைக்குப் போக ஆரம்பிக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும், கிட்டே போனால்தான் தெரியும். பாரூர்க்காரரே, மாப்பிள்ளையை மனைக்கு முன்னால் இருக்கிற காட்டுக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் கடல் வற்றும் நேரத்திலும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கிறதா? மரம் இடுப்பு உயரத்திலேயே நின்றுவிட்டதா? நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்த வெட்டவெளி, ஓரத்தில் உமரிச் செடி மட்டும் இருக்கிறதா? இருந்தால், அந்தப் பகுதியை நம்பி அலைக் கணக்குப் போட வேண்டாம்.

பாலக்கோடு மேஸ்திரி:
காடு, கடல் எல்லாம் எனக்குத் தெரியாது. வீடு கட்டுவது தெரியும். இவ்வளவு பேச்சுக்கு நடுவில் மனையின் மட்டம் என்ன என்று யாரும் கேட்கவில்லையே. பக்கத்து ஓடையில் பௌர்ணமி அன்று தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தில் ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து மனை வரைக்கும் டியூப் லெவலில் மட்டம் கொண்டு வாருங்கள். டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு குமிழி இருந்தால் கணக்கே தப்பு. 200 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் டியூப் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். ஆட்டோ லெவல் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், ஒரு நாள் கூலி. மனை விலைக்கு அது ஒன்றுமே இல்லை.

பாரூர்க்காரன்:
மேஸ்திரி சொன்னதைப் பௌர்ணமிக்கு மாப்பிள்ளையும் அங்குள்ள ஒரு கொத்தனாரும் சேர்ந்து செய்துவிட்டார்கள். ஓடை 180 மீட்டர் தூரம். மனையின் தரை, ஓடையில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டிலிருந்து 80 செ.மீ. மேலே. அதாவது இரண்டே முக்கால் அடி கூட இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொபைலில் படத்தை வைத்து அளந்ததில் கடல் பக்கம் காட்டின் அகலம் சுமார் 600 மீட்டர். முன்புறம் மரம் நல்ல உயரம், அடர்த்தி. பின்பகுதியில் ஓர் இடத்தில் நீங்கள் சொன்ன மாதிரி உப்புத் திட்டு இருக்கிறதாம். இதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது ஐயா?

கழிமுகம்:
நல்ல வேலை செய்தீர்கள். சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

கடல் ஏறியிருக்கும் நேரத்தில், அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் எழுச்சி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிள்ளைக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும் புயல் கடந்தால் இது அதிகப்படியான கற்பனை இல்லை. 600 மீட்டர் காடு அதில் 3 முதல் 30 செ.மீ. வரை குறைக்கலாம். மீதி 120 முதல் 147. மனை 80-இல் இருக்கிறது. ஆக மனையில் 40 முதல் 67 செ.மீ. தண்ணீர், முழங்காலிலிருந்து தொடை வரை. அந்த வீடு 30 வருடமாவது நிற்க வேண்டும். முன்பு சொன்ன 3.7 மில்லிமீட்டர் வேகத்திலேயே கடல் அதற்குள் 11 செ.மீ. ஏறியிருக்கும். அப்போது 51 முதல் 78. இதில் மழை வெள்ளத்தைச் சேர்க்கவில்லை, அதற்குத் தெருவில் பழைய தண்ணீர்க் கோடு எங்கே என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி காடு செய்கிற உதவியைப் பாருங்கள். அந்தத் தொடை அளவுத் தண்ணீர் வெறும் தண்ணீராகத் தேங்கி நின்றால் வீடு நிற்கும். அதன் மேல் அலையும் வந்து மோதினால் சுவர் போகும், கதவு போகும், ஆள் நிற்க முடியாது. 600 மீட்டர் நல்ல காடு அந்த அலையைப் பாதிக்கு மேல் அடக்கிவிடும், பின்பகுதியில் இருக்கிற உப்புத் திட்டின் தூரத்தை மட்டும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். அதனால் அங்கே பேஸ்மெண்டை உயர்த்திக் கட்டினால் பிழைக்கலாம். காடு இல்லாத திறந்த கரையில் இதே உயரத்தில் மனை என்றால் வாங்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பாலக்கோடு மேஸ்திரி:
78 வரும் என்றால் பேஸ்மெண்ட் மூணு அடி பத்தாது, நாலு அடி போடுங்கள். நிரப்புவதற்குக் களிமண் போட்டுவிடாதீர்கள், ஊறினால் தரை இறங்கும். கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் திமிசு போடச் சொல்லுங்கள். உப்பு மண்ணில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அஸ்திவாரத்தில் கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம் குறையக் கூடாது. உப்புத் தண்ணீரில் கலவை போட விடாதீர்கள். மாடிக்கு வெளிப்படி கட்டாயம் வேண்டும், ராத்திரியில் தண்ணீர் வந்தால் ஏறி உட்கார ஓர் இடம்.

ஊத்தங்கரை செல்வி:
நாலு அடி உயர்த்தினால் அவர்கள் தப்பிப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு? எங்கள் தெருவில் புதிதாகக் கட்டியவர்கள் எல்லாம் மண் கொட்டி உயர்த்திக்கொண்டதால்தான் பழைய வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது.

கழிமுகம்:
செல்வி அம்மா சொன்னதை மறுக்க முடியாது. மனை முழுவதையும் மண் கொட்டி மேடாக்காமல், வீட்டை மட்டும் தூண் மேல் உயர்த்தி, சுற்றிலும் தண்ணீர் போக வழி விட்டால் அந்தப் பாரம் குறையும். செலவு கூடும். மேஸ்திரிதான் சொல்ல வேண்டும்.

பதிவுக்கு முன்னால் இன்னொன்று. கண்டல் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதன் விளிம்பிலிருந்து 50 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி சொல்கிறது. ஓடையிலிருந்து 180 மீட்டர் என்றீர்கள், காட்டு விளிம்பிலிருந்து எவ்வளவு என்று சொல்லவில்லை. சர்வே எண்ணை வைத்துக்கொண்டு மாவட்டத்தின் கடலோர மண்டல வரைபடத்தில் அந்த இடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பட்டா இருக்கிறது என்பதால் கட்டலாம் என்று அர்த்தம் இல்லை.

பாரூர்க்காரன்:
காட்டு விளிம்பை அளக்கவில்லை ஐயா, அளக்கச் சொல்கிறேன். மாப்பிள்ளை வேறு ஒன்று சொல்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய இறால் குட்டைக்குப் பக்கத்தில் ஒரு மனை இருக்கிறது, இதைவிட ஓர் அடி உயரம், விலையும் குறைவு என்கிறார். அதைப் பார்க்கலாமா?

கழிமுகம்:
குட்டையின் கரை இன்னும் நிற்கிறதா, உடைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். நின்றால் மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் வடியாது, ஓர் அடி உயரம் அதிலேயே போய்விடும். அந்த மனைக்கும் ரோட்டிலிருந்து இல்லாமல், அதே ஓடை முளையிலிருந்தே மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். எண் வந்ததும் இங்கே போடுங்கள்.